காகத்தில் இருக்கும் இரண்டு 'க': வல்லினம் இடையில் அதிர்வு பெறுவதும் நம் ஆங்கில உச்சரிப்பும் – முழுமையான வழிகாட்டி

'காகம்' என்ற சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அதில் 'க' வரிசை எழுத்து இரண்டு முறை வருகிறது. ஆனால் முதலில் வரும் ஒலியும் இடையில் வரும் ஒலியும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை, எழுத்தும் காட்டுவதில்லை. என்றாலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் எவரும் இதில் தவறுவதில்லை. இதே பழக்கம் ஆங்கிலம் பேசும்போதும் நம்மைவிட்டுப் போவதில்லை என்பதால், கணுக்காலைக் குறிக்கும் 'ஆங்க்கிள்' நம் வாயில் கோணத்தைக் குறிக்கும் 'ஆங்கிள்' ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்துக்கும் தமிழ் எழுத்தையே பயன்படுத்தி எழுதுவதால், ஒலிகளைக் குறிக்க இக்கட்டுரை முழுவதும் காகத்தையே துணைக்கு வைத்துக்கொள்கிறேன். குரல்நாண்கள் அதிராமல் பிறக்கும் ஒலி 'முதல் க'. அதிர்ந்து பிறக்கும் ஒலி 'இடைக் க'. அவ்வாறே 'படம்' என்பதன் 'ப' முதல் வகை, 'கோபம்' என்பதன் 'ப' இடை வகை. 'தாது' என்ற சொல்லில் 'த' வரிசையின் இரு வகைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'ட' மட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. 'பட்டம்' என்பதில் அதிர்வற்றதும் 'படம்' என்பதில் அதிர்வுள்ளதும் கிடைக்கும்.

படி 1: வேறுபாட்டைத் தொட்டு உணர்தல்

தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். வல்லின ஒலிகள் மிகக் குறுகிய நேரமே நிற்பதால் அந்த முறை பலருக்குத் தெளிவைத் தருவதில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக மூடிக்கொண்டு 'கோபம்', 'அப்பா' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். 'கோபம்' சொல்லும்போது தலைக்குள் எழும் ரீங்காரம் தொடக்க உயிரிலிருந்து இறுதி 'ம்' வரை அறுபடாமல் ஓடும். 'அப்பா' சொல்லும்போது இதழ்கள் மூடியிருக்கும் அந்தக் கணத்தில் ரீங்காரம் முற்றிலும் நின்று, பிறகு மீண்டும் தொடங்கும். அந்த நிசப்தம் உங்களுக்குக் கேட்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் வரும் பயிற்சி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

படி 2: எங்கே அதிர்கிறது, எங்கே அதிர்வதில்லை

தமிழ் இந்த இரு ஒலிகளையும் இடம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. சொல்லின் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும், வேறொரு வல்லின மெய்யை அடுத்தும் ஒலி அதிர்வற்று நிற்கும்: 'கல்', 'பக்கம்', 'நட்பு'. இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனித்து வந்தாலும், இன மெல்லெழுத்தை அடுத்து வந்தாலும், 'ய, ர, ழ' போன்றவற்றை அடுத்து வந்தாலும் அதிர்வு பெறும்: 'அகம்', 'தங்கம்', 'பம்பரம்', 'செய்து', 'மார்பு', 'வாழ்க'. தென் மாவட்டங்களில் உயிர்களுக்கு நடுவில் உள்ள 'க' இன்னும் தளர்ந்து வெறும் மூச்சொலியாகிவிடும்; 'மகன்' என்பதை அவர்கள் சொல்வதைக் கேட்டால் 'மஹன்' என்றே காதில் விழும்.

இந்த ஒழுங்கை ஒரு விதியாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் கால்டுவெல். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த அவர், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைத் தனியே எடுத்துப் பேசுகிறார். பழக்கமோ அவருக்கு மிகவும் மூத்தது. பொ.ஆ. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட செங்கடல் பயணக் குறிப்பு, சேரர் துறைமுகமான தொண்டியைத் 'திண்டிஸ்' என்று குறிக்கிறது. அதிர்வுள்ள ஒலிக்கும் அதிர்வற்ற ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்திருந்த கிரேக்கர், மெல்லினத்தை அடுத்த அந்த ஒலிக்கு அதிர்வுள்ள எழுத்தையே போட்டிருக்கிறார்கள்.

படி 3: காரணத்தைப் புரிந்துகொள்ளுதல்

உயிர் எழுத்தை ஒலிக்கும்போது குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்து வரும் உயிருக்கும் அவை அதிர்ந்தாக வேண்டும். நடுவில் ஒரு நொடியின் சிறு பின்ன நேரத்துக்கு மட்டும் நாக்கோ இதழோ காற்றை அடைக்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்துக்காகக் குரல்நாண்களை விலக்கி நிறுத்தி, உடனே மீண்டும் சேர்த்து அதிரவைப்பது கூடுதல் வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டால் அதிர்வு தானாகவே தொடர்ந்து ஓடும். மெல்லினத்தை அடுத்து வரும்போதும் இதே கதைதான். 'ங்', 'ம்' ஆகியவை அதிர்வொலிகள், அந்த அதிர்வு அடுத்த எழுத்துக்குள் வழிந்துவிடுகிறது.

அப்படியானால் 'பக்கம்' ஏன் அதிரவில்லை? அங்கே அடைப்பு நீண்ட நேரம் நிற்கிறது. தனி எழுத்தின் அடைப்பைப் போல இரு மடங்குக்கும் மேல். குரல்நாண்கள் அதிர வேண்டுமானால் நுரையீரலிலிருந்து காற்று மேலே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் மூடியிருக்க, காற்று உள்ளே நிரம்பி அழுத்தம் ஏறியதும் ஓட்டம் நின்று, அதிர்வும் அடங்கிவிடும். ஆகவே நீண்ட அடைப்பு அதிர்வற்றதாகவும் குறுகிய அடைப்பு அதிர்வுள்ளதாகவும் இருப்பது உடலின் இயல்புக்கு ஒத்த ஏற்பாடு.

ஆயினும் உடலின் வசதி மட்டும் இதற்குப் போதுமான விளக்கம் ஆகாது. ஆங்கிலேயரின் குரல்நாண்களும் நம்முடையவை போன்றவையே. அவர்களால் அந்த வசதியை எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், அவர்கள் மொழியில் அதிர்வு பொருளை மாற்றும் என்பதுதான். நம் மொழியில் பொருளை மாற்றுவது நீளம். 'படு' வேறு, 'பட்டு' வேறு. 'பாடு' வேறு, 'பாட்டு' வேறு. 'பகு' வேறு, 'பக்கு' வேறு. நம் காது குறுமையையும் நீளத்தையும் கவனித்துப் பழகியிருக்கிறது. அதிர்வு அந்த நீளத்துக்குத் துணையாக வரும் ஓர் அடையாளம் மட்டுமே. எழுத்தை வகுத்தவர்கள் இரண்டுக்கும் ஒரே வடிவம் கொடுத்தது இதனால்தான். அதைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் தமிழுக்குத் தேவையான அத்தனையையும் அந்த எழுத்து காட்டிவிடுகிறது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. உயிர்களுக்கு நடுவில் தமிழ்ச் சொல்லில் இரண்டே வகைகள் உண்டு: குறுகியதும் அதிர்வுள்ளதும் ஒன்று, நீண்டதும் அதிர்வற்றதும் மற்றொன்று. ஆங்கிலத்திலும் இரண்டு வகைகள்தான். ஆனால் இரண்டுமே குறுகியவை, ஒன்று அதிரும், மற்றொன்று அதிராது. குறுகியதாகவும் அதிர்வற்றதாகவும் இருக்கும் ஒலிக்கு நம் சொற்களின் நடுவில் இடமே இல்லை. அதைச் சந்திக்கும்போது நாம் ஒன்று நீட்டுகிறோம், அல்லது அதிரவைக்கிறோம்.

படி 4: நாம் கடன் வாங்கிய சொற்களைப் பரிசோதித்தல்

இந்த இரு வழிகளும் நம் அன்றாடச் சொற்களில் பதிந்து கிடக்கின்றன. 'பேப்பர்', 'பக்கெட்', 'மோட்டார்', 'சைக்கிள்', 'டிக்கெட்', 'சூப்பர்' ஆகியவற்றில் நம் முன்னோர் எழுத்தை இரட்டித்து அதிர்வின்மையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 'பேபர்' என்று எழுதியிருந்தால் 'கோபம்' என்பதன் 'ப' ஒலித்திருக்கும். 'மேக்கப்', 'செக்கப்', 'லாக்கப்' என்று இரு சொற்கள் சேரும் இடத்திலும் அதே வைத்தியம் செய்திருக்கிறோம். மாறாக, 'சோடா', 'ரேடியோ', 'கியூபா' ஆகியவற்றில் ஆங்கிலத்திலேயே அதிர்வுள்ள ஒலி இருப்பதால் எழுத்து தனித்து நிற்கிறது. 'சிங்கப்பூர்' என்ற எழுத்தமைப்பை நான் வியந்து பார்ப்பதுண்டு. 'ங்க' அதிர்வைத் தருகிறது, 'ப்ப' அதை நிறுத்துகிறது, இரண்டும் சரி.

ஆனால் இரட்டிக்காமல் விட்ட சொற்களும் ஏராளம்: 'ஆபரேஷன்', 'டெபாசிட்', 'முனிசிபல்', 'அப்ளிகேஷன்', 'லொகேஷன்', 'அட்வகேட்'. இவற்றை எழுதியபடியே படித்தால் ஆங்கிலத்தின் அதிர்வற்ற ஒலிகள் எல்லாம் அதிர்வுள்ளவை ஆகிவிடுகின்றன. 'ஆபரேஷன்' என்பதில் 'கோபம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. சந்தையிலும் பட்டறையிலும் காதால் கேட்டு வாங்கிய சொற்கள் இரட்டித்தன, அலுவலகத் தாள்களில் கண்ணால் பார்த்து வாங்கிய சொற்கள் ஒற்றை எழுத்தோடு நின்றுவிட்டன என்பது என் கணிப்பு. விலக்குகள் உண்டு என்பதால் இதை விதியாகச் சொல்லத் துணியமாட்டேன்.

ஊர்ப் பெயர்களிலும் இதே நிலைதான். 'அமெரிக்கா', 'ஜப்பான்', 'இத்தாலி' ஆகியவை இரட்டித்துத் தப்பித்தன. 'பாகிஸ்தான்' தப்பவில்லை. 'சிகாகோ' பாதி தப்பியது: மூலத்தில் முன்னது 'முதல் க', பின்னது 'இடைக் க', நாமோ இரண்டையும் இடைக் க-வாகச் சொல்கிறோம். எனக்குத் தெரிந்தவற்றில் முழுமையாக மாட்டிக்கொண்ட பெயர் 'அண்டார்டிகா'. மூலத்தில் மூன்று இடங்களிலும் அதிர்வற்ற ஒலி. 'ண்' என்பதை அடுத்ததால் முதல் 'ட' அதிர்ந்தது, 'ர்' என்பதை அடுத்ததால் இரண்டாம் 'ட' அதிர்ந்தது, உயிர்களுக்கு நடுவில் நின்றதால் 'க' அதிர்ந்தது. படி 2இல் கண்ட அதிரும் இடங்கள் மூன்றும் ஒரே பெயரில் வரிசையாக நிற்கின்றன.

நீங்கள் அடிக்கடி பேசும் ஆங்கிலச் சொற்களில் இருபதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் க, ட, ப எங்கே நிற்கிறது, மூலத்தில் அதிர்வு உண்டா, நீங்கள் சொல்லும்போது அது நீள்கிறதா, அதிர்கிறதா என்று குறியுங்கள். பயிற்சிக்கான பட்டியல் அதுதான்.

படி 5: எது பொருளைக் கெடுக்கிறது என்று பிரித்தல்

எல்லாப் பிழையும் ஒரே எடை கொண்டதன்று. உயிர்களுக்கு நடுவில் 'ட' அதிர்வது பெரும்பாலும் தீங்கில்லாதது. அமெரிக்கர்களே தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்' என்பதை ஏறக்குறைய 'வாடர்' என்று, நம் 'படம்' என்பதன் 'ட' போல நாக்கைத் தட்டித்தான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த உயிரின் மேல் அழுத்தம் விழும் இடங்களில், அதாவது 'ஹோட்டெல்', 'ரிட்டர்ன்', 'அட்டாக்' போன்றவற்றில், அவர்களும் அப்படிச் செய்வதில்லை. 'க', 'ப' இரண்டையும் அவர்கள் இவ்வாறு தளர்த்துவதே இல்லை. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவை இந்த இரண்டுமே.

மெல்லினத்தை அடுத்த இடம் அதைவிடவும் ஆபத்தானது. உயிர்களுக்கு நடுவில் நமக்கு இரட்டிக்கும் வழி இருக்கிறது. மெல்லினத்துக்குப் பின் அந்த வழியும் தமிழ்ச் சொற்களில் இல்லை. எளிமையைக் குறிக்கும் சொல்லும் சின்னத்தைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் 'ப' என்ற ஒலியின் அதிர்வால் மட்டுமே வேறுபடுகின்றன. நம் பேச்சில் இரண்டும் 'சிம்பிள்'. நங்கூரமும் கோபமும், மையமும் அனுப்புநரும், கசக்குதலும் நொறுங்குதலும் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் இதே போன்ற இணைகள்.

படி 6: விடுபட்ட ஒலியைத் தமிழிலிருந்தே எடுத்தல்

குறுகிய, அதிர்வற்ற ஒலி நம் சொற்களின் நடுவில் இல்லை என்றேன். ஆனால் சொற்களுக்கு இடையில் இருக்கிறது. 'பெரிய படம்' என்று இயல்பாகச் சொல்லுங்கள். 'படம்' என்பதன் 'ப' இரண்டு உயிர்களுக்கு நடுவில்தான் நிற்கிறது, இரட்டிக்கவும் இல்லை. என்றாலும் சொல்லின் முதலெழுத்து என்பதால் அது அதிர்வதில்லை. 'நல்ல காலம்' என்பதில் வரும் 'கா'வும் அப்படியே. மெல்லினத்துக்கும் இதே உதவி உண்டு. 'என்பது', 'என் படம்' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, முன்னால் நிற்கும் 'ன்' ஒன்றே; முன்னதில் 'ப' அதிர்கிறது, பின்னதில் அதிரவில்லை. நமக்குத் தேவையான ஒலியை நாம் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனவே ஆங்கிலச் சொல்லை இரண்டு தமிழ்ச் சொற்களாகப் பாவித்து உடைக்க வேண்டும். முதலில் 'பெரிய படம்' என்பதைப் பலமுறை விரைவாகச் சொல்லி, இடைவெளி இல்லாமலும் 'ப' அதிராமலும் வருகிறதா என்று காதைப் பொத்திச் சோதியுங்கள். அந்த நாப்பழக்கத்தோடு 'டி – பாசிட்' என்று பிரித்துச் சொல்லுங்கள். 'பாசிட்' ஒரு தனிச் சொல் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். 'ப' மீண்டும் அதிரத் தொடங்கினாலோ 'ப்ப' என்று நீண்டாலோ ஒரு படி பின்னால் போங்கள். 'ரி – பீட்', 'அ – கவுண்ட்' ஆகியவற்றையும் இவ்வாறே பழகலாம். இவற்றில் அழுத்தம் இரண்டாம் பகுதியில் விழுவதால், ஆங்கிலேயர் அந்த 'ப', 'க' ஆகியவற்றோடு சிறிது மூச்சையும் வெளிவிடுவார்கள். இதழ்களுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் 'ரி – பீட்' சொல்லும்போது அது அசைய வேண்டும்.

'பேப்பர்', 'ரேப்பிட்' போன்ற, அழுத்தம் முன்னால் விழும் சொற்களில் அந்த மூச்சு மிகவும் குறைவு. அங்கே தாள் அசைய வேண்டியதில்லை, 'ப்ப' என்று நிற்காமல் கடந்தாலே போதும். ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்திருப்பது நம்மை ஏமாற்றும் இடமும் இதுதான். அங்கே இரட்டை எழுத்து பெரும்பாலும் முன்னால் உள்ள உயிர் குறில் என்பதற்கான அடையாளமே, மெய்யை நீட்டச் சொல்லும் கட்டளை அன்று. அதை நம் கண்ணால் படித்ததால்தான் அதிர்வுள்ள ஒலி கொண்ட சொல்லும் 'ரப்பர்' என்று அதிர்விழந்தது.

படி 7: சோதித்தல்

தன் குரலைத் தானே தீர்ப்பிடுவது கடினம். நம் காது இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பழகியது என்பதே சிக்கலின் தொடக்கம். கணினியில் `Praat` என்ற இலவச மென்பொருளை நிறுவி, `Record mono Sound...` வழியாகச் சொல்லைப் பதிந்து, `Save to list` அழுத்திப் பட்டியலில் சேர்த்து, `View & Edit` அழுத்திப் பாருங்கள். அடைப்பு நிற்கும் இடத்தில் அலைக்கோடு ஏறக்குறைய தட்டையாக இருந்தால் அதிர்வில்லை. சிறிய அலைகள் ஒழுங்காகத் தொடர்ந்து ஓடினால் அதிர்வு இருக்கிறது. அடைப்பின் பகுதியைத் தேர்ந்தால் அதன் கால அளவும் திரையில் தெரியும். முதலில் உங்கள் 'பாடு', 'பாட்டு' இரண்டையும் பதிந்து அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லின் அடைப்பு 'பாட்டு' அளவுக்கு நீளாமலும் 'பாடு' போல அலை ஓடாமலும் இருக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு செவிலியரின் பயிற்சியைச் சொன்னால் இது தெளிவாகும். நெல்லைப் பக்கத்தவர், வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கணுக்கால், கோணம் என்ற இரு பொருள் தரும் சொற்களையும் பத்துச் சீட்டுகளில் கலந்து எழுதி, அவர் படிக்க, இன்னொருவர் திரும்பி உட்கார்ந்து கேட்டதை எழுதினார். பத்துமே 'கோணம்' என்று வந்தது. திரையில் பார்த்தபோது பத்திலும் 'ங்' எழுப்பிய அலை 'க' வரை அறுபடாமல் ஓடியிருந்தது. 'என் காடு', 'என் கூடு' என்று தொடங்கி, 'ஆங் – கிள்' என்று உடைத்து, ஒரு வாரம் பழகினார். இடைவெளி குறையக் குறைய அலையில் ஒரு சிறு தட்டைப் பகுதி தோன்றி நிலைத்தது; கேட்பவரும் கணுக்காலைக் கணுக்கால் என்றே எழுதினார்.

அடுத்த வாரம் வேறொரு தொல்லை வந்தது. விரலைக் குறிக்கும் 'ஃபிங்கர்', கோணத்தைக் குறிக்கும் 'ஆங்கிள்' ஆகியவற்றிலும் 'க' அதிர்விழந்தது. சீட்டுச் சோதனையில் இப்போது கோணங்கள் எல்லாம் கணுக்கால் ஆயின. அதிர்வை விடப் பழகியவர் எங்கும் விடத் தொடங்கியிருந்தார். இது பலருக்கும் நேர்வது. சிலர் 'ரேடியோ'வையே 'ரேட்டியோ' ஆக்கிவிடுவார்கள். ஒரு வகைச் சொல்லை மட்டும் தனியே பழகுவதால் வரும் வினை என்பதால், அதன் பிறகு அவர் பட்டியலில் 'என்பது', 'தங்கம்' போன்ற தமிழ்ச் சொற்களை 'ஃபிங்கர்' வகைக்கு முன்னாலும், 'என் படம்', 'என் காடு' ஆகியவற்றைக் கணுக்கால் வகைக்கு முன்னாலும் வைத்து, இரண்டையும் சீட்டு குலுக்கிய வரிசையில் படிக்கச் செய்தேன். 'தங்கம்' சொல்லிவிட்டு 'ஃபிங்கர்' சொல்பவருக்கு 'க' தவறுவதில்லை.